டிரைகிளிசரைடு 3,000, கணையத்தில் அழற்சி: பட்டினியா, இன்சுலினா, பிளாஸ்மா மாற்றமா?

"டாக்டர், கொழுப்பு மூவாயிரத்தைத் தாண்டிருச்சாம். ரத்தத்தை மிஷின்ல போட்டுச் சுத்தம் பண்ணணும்னு சொல்றாங்க. கையெழுத்து போடலாமா?" உறவினர் ஒருவர் ஐசியூ வாசலில் நின்றுகொண்டு போனில் கேட்கும் கேள்வி இது. இதன் இன்னொரு வடிவமும் அடிக்கடி வரும்: "வெறும் சலைன்தான் போட்டிருக்காங்க, வேற ஒண்ணுமே செய்யல. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமா?"

இரண்டு கேள்விக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுக்கத் தேவையான விவரங்களைத் தெளிவாக எடுத்துவைக்க முடியும். இங்கே வரும் மருந்து அளவுகள் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று புரிவதற்காக மட்டுமே. படுக்கையில் இருப்பவருக்கு எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

## கொழுப்பு கணையத்தை எப்படிக் கெடுக்கிறது

கணைய அழற்சிக்குப் பித்தப்பைக் கல்லும் குடியும் முதல் இரண்டு காரணங்கள். மூன்றாவது, ரத்தத்தில் மிதமிஞ்சிப் போன டிரைகிளிசரைடு. இது கொலஸ்ட்ரால் அல்ல. நாம் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் குடலில் இருந்து கைலோமைக்ரான் என்ற பெரிய துகள்களாக ரத்தத்தில் ஏறுகின்றன. கல்லீரலும் தன் பங்குக்கு விஎல்டிஎல் என்ற துகள்களில் கொழுப்பை அடைத்து அனுப்புகிறது. இந்த இரண்டையும் உடைப்பது ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி. அந்த நொதிக்குக் கொள்ளளவு உண்டு. அதைத் தாண்டி வந்தால் கொழுப்பு ரத்தத்திலேயே தேங்கிவிடும்.

தேங்கிய கொழுப்பு கணையத்தின் நுண்குழாய்களுக்குள் வரும்போது, கணையம் சுரக்கும் லைப்பேஸ் அதை அங்கேயே உடைத்து, கொழுப்பு அமிலங்களாக வெளியே விடுகிறது. இவற்றைப் பிடித்துவைக்கும் ஆல்புமின் போதாமல் போனால், அந்த அமிலங்கள் கணையச் செல்களையே அரிக்கத் தொடங்கும். ரத்தமும் கெட்டியாகி நுண்குழாய்களில் ஓட்டம் மந்தமாகும். 500 மி.கி.க்கு மேல் கவனம் தேவை. 1,000ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் அபாயம் நிஜமானது. (இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ரிப்போர்ட்டுகளில் மில்லிமோல் கணக்கு இருக்கும். அதில் 1,000 என்பது 11.3, 500 என்பது 5.6.)

## எதை வைத்து ஒப்பிடுவது

டிரைகிளிசரைடைக் குறைக்கும் வழிகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் ஒரே ஒரு அளவுகோலைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: எது சீக்கிரம் குறைக்கும்? அது நியாயமான கேள்விதான், ஆனால் அது மட்டும் போதாது. நான் நான்கு கேள்விகளைக் கேட்பேன்.

முதலாவது, வேகம். இரண்டாவது, அந்த வேகத்தால் நோயாளிக்கு உண்மையில் என்ன லாபம்: சிறுநீரகமோ நுரையீரலோ கெடாமல் தப்புகிறதா, அல்லது ரிப்போர்ட்டில் எண் மட்டும் அழகாகிறதா? மூன்றாவது, அந்தச் சிகிச்சையே உண்டாக்கும் தொல்லை, பில்லில் பின்னால் வந்து நிற்கும் செலவு உட்பட. நான்காவது, இறங்கிய எண் இறங்கியே இருக்குமா, இரண்டு நாளில் மீண்டும் ஏறுமா?

இந்த நான்கில் இரண்டாவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை தருவேன். காரணம் போகப்போகத் தெரியும்.

## ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம்

வார்டில் திரும்பத் திரும்ப வரும் கேஸ்களைச் சேர்த்து நானே அமைத்த ஒரு மாதிரி இது. 36 வயது, 75 கிலோ, செல்போன் கடை வைத்திருப்பவர். மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரையை நிறுத்திச் சில மாதங்கள் ஆகிவிட்டன. வார இறுதியில் குடிப்பார். சனிக்கிழமை இரவு மேல்வயிற்றில் ஆரம்பித்த வலி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகிறது. பக்கத்து கிளினிக்கில் ரத்தத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதியைப் பார்க்கிறார்கள்: நார்மல். "கேஸ் டிரபிள்" என்று ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. டிரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் அமைலேஸ் பரிசோதனையையே அது குழப்பிவிடும். கணையம் வெந்துகொண்டிருக்கும்போதும் அமைலேஸ் நார்மல் என்று வரலாம். லைப்பேஸ் பரிசோதனை அந்த அளவுக்கு ஏமாற்றாது. சந்தேகம் தீராவிட்டால் சிடி ஸ்கேன் சொல்லிவிடும்.

ஞாயிறு மதியம் வலி தாங்காமல் பெரிய மருத்துவமனைக்கு வருகிறார். ரத்தம் எடுத்த குழாயைச் சுழற்றி வைத்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய சீரம் பால் நிறத்தில் நிற்கிறது. லேப்பில் இருப்பவரே போன் செய்து "சாம்பிள் லைபீமிக்கா இருக்கு சார்" என்கிறார். டிரைகிளிசரைடு 3,400. லைப்பேஸ் நார்மலைவிடப் பத்து மடங்கு. சர்க்கரை 386. சோடியம் 126 என்று வருகிறது, ஆனால் ஐசியூவில் இருக்கும் ரத்த வாயு மிஷினில் அதே சோடியம் 135. இரண்டாவதுதான் சரி. சீரத்தில் கொழுப்பு இடத்தை அடைத்துக்கொண்டதால் லேப்பில் இருக்கும் பெரிய மிஷின் சோடியத்தைக் குறைத்துக் காட்டுகிறது. இது தெரியாமல் 126ஐத் திருத்தக் கெட்டியான உப்பு சலைன் ஏற்றினால் புதிய ஆபத்தை நாமே வரவழைத்த மாதிரி ஆகும்.

இவருக்கு என்ன செய்வது? மூன்று வழிகள் உண்டு.

## வழி ஒன்று: பட்டினியும் சலைனும்

"ஒண்ணுமே செய்யல" என்று உறவினர்கள் நினைப்பது இதைத்தான். ஆனால் சிகிச்சையின் அடித்தளமே இதுதான். வாய் வழியாகக் கொழுப்பு போகாவிட்டால் குடலில் இருந்து புதிய கைலோமைக்ரான் வராது. உடம்பு இருப்பதை மெல்ல உடைக்கும். பலருக்கு 24 மணி நேரத்தில் அளவு பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடுகிறது. அதனால்தான் வந்தவுடன் எடுக்கும் முதல் சாம்பிள் முக்கியம். இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு பரிசோதித்தால் 600, 700 என்று வரும். "கொழுப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்" என்று உண்மையான காரணமே கண்ணில் படாமல் போய்விடும்.

சலைனிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் கணைய அழற்சி என்றாலே லிட்டர் லிட்டராக ஏற்றுவார்கள். 2022இல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வு அதை நிறுத்தி யோசிக்க வைத்தது. அதிகமாக ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் தேங்கியது. மிதமாக ஏற்றியவர்களில் அது 6.3 சதவீதம். கூடுதலாக ஏற்றியதால் அழற்சி கடுமையாவது குறையவும் இல்லை. அந்த மிதமான அளவு, கிலோவுக்கு மணிக்கு 1.5 மில்லி. 75 கிலோ ஆளுக்கு மணிக்குச் சுமார் 112 மில்லி ரிங்கர் லாக்டேட். வரும்போதே உடல் வறண்டிருந்தால் தொடக்கத்தில் கிலோவுக்கு 10 மில்லி வீதம் கூடுதலாக. பாட்டில்களை எண்ணிப் பார்த்து "கம்மியா ஏத்துறாங்க" என்று சண்டை போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பட்டினி தனியாகவே போதும் என்று சொல்லக்கூடியவர் யார்? சர்க்கரை நோய் இல்லாதவர், உறுப்புகள் சரியாக இருப்பவர், ஒரு தற்காலிகக் காரணத்தால் (பெரிய விருந்து, குடி, புதிதாக ஆரம்பித்த ஒரு மாத்திரை) ஏறியவர். இவருக்கு ஐசியூகூட வேண்டியதில்லை.

யாருக்குப் போதாது? நம் செல்போன் கடைக்காரருக்கு. இன்சுலின் பற்றாத உடம்பில் பட்டினி போட்டால், தோலடிக் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதையே விஎல்டிஎல் ஆக்கித் திரும்ப ரத்தத்தில் விடும். சாப்பாட்டில் இருந்து வருவது நின்றாலும் உள்ளே இருந்து வருவது நிற்காது. அதோடு கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகும் அபாயமும் இருக்கிறது.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு வேறு மாதிரியானது. நோயாளி மூச்சுக்கருவியில் இருந்தால், மயக்கத்துக்குக் கொடுக்கும் புரோபோஃபால் கொழுப்புக் கரைசலில் கலந்தே வருகிறது. ஒவ்வொரு மில்லியிலும் 0.1 கிராம் கொழுப்பு. வாய் வழியே நிறுத்திவிட்டு நரம்பு வழியே கொடுத்தால் பட்டினிக்கு அர்த்தமில்லை. நரம்பு வழி ஊட்டத்தில் சேர்க்கும் வெள்ளைக் கொழுப்புப் பைக்கும் இதே கதைதான். மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

## வழி இரண்டு: இன்சுலின் டிரிப்

இன்சுலின் இரண்டு வேலை செய்கிறது. லிப்போபுரோட்டீன் லைப்பேஸைத் தூண்டி ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பை உடைக்க வைக்கிறது. தோலடிக் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போவதையும் தடுக்கிறது. அதாவது பட்டினியால் அடைக்க முடியாத இரண்டாவது வழியை இன்சுலின் அடைக்கிறது.

வழக்கமான அளவு, கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட்டில் தொடங்கி 0.3 வரை. நம் ஆளுக்கு மணிக்கு 7.5 யூனிட்டில் தொடங்கலாம். சர்க்கரை 386இல் இருந்து இறங்க ஆரம்பிக்கும். 200ஐத் தொடும்போது இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது. இங்கேதான் பல இடங்களில் தவறு நடக்கிறது. நாம் விரட்டுவது சர்க்கரையை அல்ல, டிரைகிளிசரைடை. அதனால் இன்சுலின் ஓடிக்கொண்டே இருக்க, பக்கத்தில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிச் சர்க்கரையை 150க்கு அக்கம்பக்கமாகப் பிடித்துவைக்க வேண்டும். கொழுப்பு 500க்குக் கீழே வந்த பிறகுதான் டிரிப்பை நிறுத்துவது. தோலடி ஊசியைப் போட்டு ஓரிரு மணி நேரம் கழித்து நிறுத்தினால் சர்க்கரை எகிறாது.

நம் மாதிரிக் கேஸில் நடக்கக்கூடியதை எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும். முதல் ஐந்து மணி நேரத்தில் சர்க்கரை 190, டெக்ஸ்ட்ரோஸ் சேர்க்கிறார்கள். பத்தாவது மணியில் பொட்டாசியம் 3.1க்கு இறங்குகிறது, டிரிப்பில் பொட்டாசியம் சேர்க்கிறார்கள். 24 மணி நேரத்தில் டிரைகிளிசரைடு 1,450. இரண்டாம் நாள் முடிவில் 720. மூன்றாம் நாள் 430, டிரிப் நிறுத்தம். வலி முதல் நாள் இரவே பாதியாகக் குறைகிறது. மூன்றாம் நாள் கொழுப்பில்லாத கஞ்சி.

இந்த வழியின் விலை, கண்காணிப்புதான். இன்சுலின் விலை பெரிதல்ல. ஆனால் மணிக்கு ஒரு முறை விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், நான்கு மணிக்கொரு முறை பொட்டாசியம். இரவு இரண்டு மணிக்கு அந்தச் சோதனை தவறினால் சர்க்கரை 40க்கு இறங்கி நோயாளி வலிப்பில் போகலாம். ஒரு நர்ஸ் இருபது பேரைப் பார்க்கும் வார்டில் இந்த டிரிப்பை ஓட்டுவது ஆபத்து. அதனால்தான் ஐசியூ படுக்கையோ, ஐசியூவுக்கும் வார்டுக்கும் இடைப்பட்ட ஸ்டெப்-டவுன் படுக்கையோ கேட்கிறார்கள். பில்லில் ஏறுவது அந்தப் படுக்கைதான்.

சர்க்கரை அதிகமாக இருப்பவர், கீட்டோன் ஏறியவர்: இவர்களுக்கு இன்சுலின் எப்படியும் வேண்டும். இங்கே ஒப்பிடவே வேண்டியதில்லை. சர்க்கரையே இல்லாத ஒருவருக்கு, வெறும் கொழுப்பைக் குறைக்க மட்டும் இன்சுலின் கொடுப்பது விவாதத்துக்குரியது. கொழுப்பு கொஞ்சம் வேகமாக இறங்கலாம், ஆனால் தாழ்சர்க்கரை ஆபத்தும் அவருக்குத்தான் அதிகம்.

## வழி மூன்று: பிளாஸ்மா மாற்றம்

"மிஷினில் போட்டுச் சுத்தம் பண்ணுவது" என்று சொன்னது இதைத்தான். பிளாஸ்மாஃபெரசிஸ் என்பார்கள். கழுத்திலோ தொடை இடுக்கிலோ டயாலிசிஸ் செய்வது போன்ற தடித்த குழாய் ஒன்றைச் செருகுகிறார்கள். ரத்தம் வெளியே வருகிறது, செல்களைப் பிரித்துத் திரும்ப அனுப்பிவிட்டு, கொழுப்பு நிறைந்த பிளாஸ்மாவை அப்படியே எறிந்துவிடுகிறார்கள். அந்த இடத்தை ஆல்புமினாலோ தானம் பெற்ற பிளாஸ்மாவாலோ நிரப்புகிறார்கள்.

எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் செலவு ஏன் எகிறுகிறது என்று புரியும். கிலோவுக்கு 70 மில்லி என்று வைத்தால் 75 கிலோ ஆளிடம் சுமார் 5.25 லிட்டர் ரத்தம். செல்கள் 42 சதவீதம் போக மீதி பிளாஸ்மா சுமார் 3 லிட்டர். ஒரு முறை முழுதாக மாற்ற 5 சதவீத ஆல்புமின் 3 லிட்டர், அதாவது 150 கிராம் ஆல்புமின் வேண்டும். கடையில் கிடைக்கும் 20 சதவீதம், 100 மில்லி பாட்டிலில் 20 கிராம்தான் இருக்கும். ஆக ஏழு எட்டு பாட்டில், ஒரே ஒரு அமர்வுக்கு. அதன் மேல் ஃபில்டர் கிட், கதீட்டர், டெக்னீஷியன் கட்டணம். எல்லாம் தனித்தனி வரியாக வரும். கையெழுத்து போடுவதற்கு முன்னால் "ஒரு அமர்வு" என்று சொன்ன தொகையில் ஆல்புமின் அடங்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது. தானப் பிளாஸ்மாவை வைத்துச் செய்தால் மலிவு, ஆனால் ஒவ்வாமை, நுரையீரல் பாதிப்பு, தொற்று ஆகிய சிறு அபாயங்கள் கூடவே வரும்.

வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. இரண்டு மூன்று மணி நேர அமர்வில் டிரைகிளிசரைடு 50 முதல் 70 சதவீதம் வரை இறங்கும். 3,400 இருந்தது மாலைக்குள் 1,300க்கு வந்துவிடலாம். பையில் சேரும் பிளாஸ்மா பாலைப் போல வெளுத்திருப்பதைப் பார்க்கும் எந்த உறவினருக்கும் "இதைத்தான் முதலிலேயே செய்திருக்கணும்" என்றுதான் தோன்றும்.

இங்கேதான் என் இரண்டாவது கேள்வி வருகிறது: எண் இறங்கியதால் நோயாளிக்கு என்ன கிடைத்தது? 2023இல் சீனாவின் பல மருத்துவமனைகளை இணைத்து வெளியான பெர்ஃபார்ம் ஆய்வில், பிளாஸ்மா மாற்றம் செய்தவர்களையும் மருந்து மட்டும் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். உறுப்புச் செயலிழப்பு குறையவில்லை, ஐசியூ தேவைதான் கூடியது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல, நடந்ததைக் கவனித்துப் பதிவு செய்த ஆய்வு. அதனால் கடைசி வார்த்தை என்று சொல்ல மாட்டேன். ஆனால் "இதைச் செய்யாவிட்டால் ஆள் போய்விடுவார்" என்று யாராவது பயமுறுத்தினால், அதற்கு இதுவரை ஆதாரம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். கணையத்தில் தீங்கு பெரும்பாலும் நோயாளி மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நான்காவது கேள்வியிலும் இது தடுமாறும். மிஷின் ரத்தத்தில் இருப்பதை எடுக்கிறதே தவிர, கல்லீரல் புதிதாக அனுப்புவதை நிறுத்துவதில்லை. குழாயை அடைக்காமல் தொட்டியை இறைக்கிற வேலை. இன்சுலினும் பட்டினியும் கூடவே நடக்காவிட்டால் ஓரிரு நாளில் எண் மீண்டும் ஏறும், அடுத்த அமர்வுக்குக் கையெழுத்து கேட்பார்கள்.

தொல்லைகளும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கணைய அழற்சியில் ஏற்கெனவே கால்சியம் குறையும், இரண்டும் சேர்ந்தால் கை விரல்கள் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தடுமாறும். கதீட்டரில் தொற்று வரலாம். பிளாஸ்மாவோடு உறைதல் காரணிகளும் எதிர்ப்புப் புரதங்களும் காலையில் போட்ட சில மருந்துகளும் சேர்ந்தே போய்விடும். அதனால் அப்படிப்பட்ட மருந்தை அமர்வு முடிந்த பிறகு கொடுப்பதுதான் வழக்கம்.

அப்படியானால் இது வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. சில இடங்களில் நானும் சரி என்றுதான் சொல்வேன். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டிரைகிளிசரைடு இயல்பாகவே இரண்டு மூன்று மடங்கு ஏறும். அந்த நிலையில் பல ஆயிரத்துக்குப் போய்க் கணையம் வீங்கினால் தாய், குழந்தை இருவருக்கும் நேரம் குறைவு. மருந்துத் தேர்வும் சுருங்கிவிடும். அங்கே பிளாஸ்மா மாற்றம் கைகொடுக்கும். அதேபோல் இன்சுலின் ஓடி ஒரு நாளுக்கு மேலாகியும் எண் அசையாமல் நின்று, உடம்பு தவிப்பதைக் காட்டும் லாக்டேட் ஏறி, கால்சியம் இறங்கி, உறுப்புகள் தளர்ந்துகொண்டே போகும் நோயாளிக்கு, வேறு வழி இல்லாத நிலையில் முயன்று பார்க்கலாம். அதை ஆதாரம் உறுதியான சிகிச்சை என்று நினைக்காமல், தெரிந்தே எடுக்கும் முயற்சி என்று நினைத்துச் செய்ய வேண்டும்.

## ஹெப்பாரின் பற்றி ஒரு வார்த்தை

சில இடங்களில் இன்சுலினோடு ஹெப்பாரினும் கொடுப்பார்கள். அது குழாய்ச் சுவரில் இருக்கும் நொதியைப் பெயர்த்து ரத்தத்தில் விடும், அதனால் முதலில் கொழுப்பு இறங்கும். ஆனால் பெயர்ந்த நொதி கல்லீரலில் அழிந்துவிடும். கையிருப்பு காலியான பிறகு கொழுப்பு திரும்ப ஏறும். வீங்கிய கணையத்தில் ரத்தக்கசிவு அபாயம் வேறு. கொழுப்பைக் குறைக்க என்று மட்டும் ஹெப்பாரின் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கால் நரம்பில் ரத்தக்கட்டி வராமல் தடுக்கக் கொடுக்கும் சிறிய அளவு வேறு விஷயம்.

| | பட்டினி, சலைன் | இன்சுலின் டிரிப் | பிளாஸ்மா மாற்றம் |
|---|---|---|---|
| வேகம் | 24 மணியில் பலருக்குப் பாதி | சர்க்கரை உள்ளவருக்கு இன்னும் உறுதியாக. 2–3 நாள் | ஒரே அமர்வில் 50–70% |
| உறுப்புகளைக் காப்பதற்கான ஆதாரம் | அளவான சலைன் போதும், அதிகம் ஏற்றினால் பலன் இல்லை என்பதற்கு நல்ல ஆதாரம் | தனியாக நிரூபணம் இல்லை. கீட்டோன் இருந்தால் கட்டாயம் | இதுவரை காட்டப்படவில்லை |
| முக்கிய ஆபத்து | சலைன் மிகுந்தால் நீர்த்தேக்கம் | தாழ்சர்க்கரை, பொட்டாசியம் குறைதல் | கால்சியம் குறைதல், கதீட்டர் தொற்று |
| மறைந்த செலவு | கவனிக்காமல் போகும் புரோபோஃபால், கொழுப்புப் பை | ஐசியூ படுக்கை, மணிக்கொரு சோதனை | ஆல்புமின் பாட்டில்கள், மறு அமர்வு |
| திரும்ப ஏறுமா | காரணம் தற்காலிகமானால் இல்லை | சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இல்லை | கூட இன்சுலின் இல்லாவிட்டால் ஏறும் |
| யாருக்கு | சர்க்கரை இல்லாத, லேசான கேஸ் | சர்க்கரை அதிகம், கீட்டோன் | கர்ப்பிணி; மற்ற வழி பலிக்காத கடுமையான கேஸ் |

நம் செல்போன் கடைக்காரருக்கு, ஆக, பட்டினியும் இன்சுலினும். மிஷினுக்குக் கையெழுத்து கேட்டால், "24 மணி நேர டிரைகிளிசரைடு பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?" என்று திருப்பிக் கேட்பது நியாயமான கேள்வி.

## வீட்டுக்கு வந்த பிறகு எது

மருத்துவமனையில் இறக்கியதை வீட்டில் இறக்கியே வைத்திருப்பதுதான் கடினம். இங்கேயும் தேர்வுகள் உண்டு. மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

ஃபெனோஃபைப்ரேட் நல்ல மாத்திரை. 30 முதல் 50 சதவீதம் குறைக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 3,400இல் பாதி 1,700. அது இன்னும் ஆபத்து எல்லைக்குள்தான். மாத்திரை தனியாக இவரைக் காப்பாற்றாது. சாப்பாடு, குடி, சர்க்கரை மூன்றும் மாறினால்தான் மாத்திரையின் பாதி எதற்காவது ஆகும். சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு இதைக் கொடுக்க முடியாது. பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பையும் கொஞ்சம் கூட்டும்.

மீன் எண்ணெய் மாத்திரை வேலை செய்யும், ஆனால் அளவு நாளுக்கு 4 கிராம் ஒமேகா-3. மருந்துக்கடையில் "1000 மி.கி." என்று எழுதியிருக்கும் சாதாரண கேப்ஸ்யூலில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மி.கி.தான், மீதி வேறு கொழுப்பு. 4 கிராமுக்கு அதில் பதின்மூன்று விழுங்க வேண்டும். ஒன்று போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. பின்பக்கச் சிறு எழுத்தில் ஈபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 அளவுகளையும் கூட்டிப் பாருங்கள். அதிக அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பு சிறிது கூடுகிறது, அதனால் மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டின் இந்த நோய்க்கு முதல் மருந்து அல்ல. அது மாரடைப்பைத் தடுக்க. சர்க்கரை உள்ளவருக்கு எப்படியும் தேவைப்படலாம், ஆனால் டிரைகிளிசரைடுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் சில வாரங்களுக்கு நாளுக்கு மொத்தம் 20–30 கிராம் கொழுப்புக்குள் நிறுத்தச் சொல்வார்கள். கேட்க எளிது. ஒரு வீட்டில் தலைக்கு மாதம் ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், நாளுக்கு 30 கிராம். அதாவது தாளிப்பு, தோசை, பொரியல் எண்ணெயிலேயே கோட்டா தீர்ந்துவிட்டது. பால், தேங்காய், முட்டை, கறி எதையும் இன்னும் சேர்க்கவில்லை. அதனால் இவருக்கென்று தனிப் பாத்திரத்தில், அளந்த எண்ணெயில் சமைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கொழுப்பைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைச் சோறு, இட்லி, பழச்சாறு, சர்க்கரை போட்ட கஞ்சி என்று நிரப்பினால் கல்லீரல் மாவுச்சத்தையே விஎல்டிஎல் ஆக்கும். டிரைகிளிசரைடு மறுபடி ஏறும். பருப்பு, காய்கறி, ஆடை நீக்கிய மோர், குறைந்த எண்ணெயில் செய்த மீன் என்று தட்டை மாற்ற வேண்டும். குடி முழுதாக நிறுத்த வேண்டும். இதில் "வாரம் ஒருநாள்" என்ற சலுகை கிடையாது.

தேங்காய் எண்ணெய் "எம்சிடி" என்பதால் நல்லது என்று ஒரு பேச்சு பரவிக்கிடக்கிறது. எம்சிடி எண்ணெயில் இருக்கும் நடுத்தர நீளமுள்ள கொழுப்பு அமிலங்கள் குடலில் இருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும், கைலோமைக்ரான் ஆகாது. அது உண்மை. ஆனால் தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்ட இருப்பது லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மற்ற எண்ணெய்களைப் போலவே கைலோமைக்ரானில் ஏறித்தான் ரத்தத்துக்கு வருகிறது. பாட்டிலில் தனியாக வரும் எம்சிடி எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஒன்றல்ல.

கூடவே பார்க்க வேண்டிய ஒன்று, ஏற்கெனவே சாப்பிடும் மற்ற மருந்துகள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, டமோக்சிஃபென், ஸ்டீராய்டு, பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின், மனநோய்க்கான ஓலான்சபின் போன்றவை டிரைகிளிசரைடை ஏற்றும். தானாக நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்தவரிடம் மாற்று இருக்கிறதா என்று கேட்கலாம். தைராய்டும் சிறுநீர்ப் புரதமும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

## எதுவுமே பலிக்காதபோது

சிலருக்கு மேலே சொன்ன எல்லாம் செய்தும் எண் 1,000க்குக் கீழே வராது. ஒல்லியாக இருப்பார்கள், குடி இல்லை, சர்க்கரை இல்லை. சிறு வயதிலேயே வயிற்றுவலி, முழங்கையிலும் பின்புறத்திலும் மஞ்சள் கொப்புளம் போலச் சிறு கட்டிகள். இது குடும்பவழிக் கைலோமைக்ரான் நோயாக இருக்கலாம், மிக அரிது. நொதியே பிறவியில் வேலை செய்யாததால் ஃபெனோஃபைப்ரேட்டும் அதிகம் உதவாது. இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

இவர்களுக்கு மேலே சொன்ன ஒப்பீடே மாறிவிடும். வாழ்நாள் முழுவதும் கடுமையான கொழுப்புக் கட்டுப்பாடு, சமையலுக்கு எம்சிடி. அதற்கு மேல் அண்மைக்காலத்தில் வந்தவை, அப்போசி-3 என்ற புரதத்தை அடக்கும் ஊசிகள். ஐரோப்பாவில் 2019இல் வோலனெசோர்சனுக்கும், அமெரிக்காவில் 2024 டிசம்பரில் ஓலெசார்சனுக்கும் அனுமதி கிடைத்தது. ஓலெசார்சன் மாதம் ஒரு முறை தோலுக்கு அடியில் போடும் ஊசி. இதற்கெல்லாம் முன்னால் 2012இல் ஐரோப்பா அனுமதித்த கிளைபெரா என்ற மரபணு சிகிச்சை, சுமார் பத்து லட்சம் யூரோ விலையில், வாங்க ஆளில்லாமல் 2017இல் சந்தையை விட்டே போய்விட்டது.

குடும்பத்தில் ஒருவருக்கு இப்படி இருந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் வெறும் வயிற்றில் ஒரு டிரைகிளிசரைடு பரிசோதனை செய்துவிடுங்கள். மற்றவர்கள், அதாவது நம் செல்போன் கடைக்காரர் போன்றவர்கள், வீடு திரும்பி இரண்டு முதல் நான்கு வாரத்தில் அதே பரிசோதனையை எடுக்க வேண்டும். எண் 500க்குக் கீழே நின்றால் சரி. அதற்குள் மேல்வயிற்று வலி திரும்ப வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வார்த்தையாகப் பழைய டிரைகிளிசரைடு எண்ணைச் சொல்லி, அமைலேஸ் மட்டும் போதாது, லைப்பேஸும் பார்க்கச் சொல்லுங்கள்.